மைலும் கிலோமீட்டரும்: பயணப் பட்டியலில் தொலைவை முழுமையாக்கும் முறை

அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெற்றோர், அங்கிருந்தபடியே காரில் ஒரு வாரச் சுற்றுலா செல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. புறப்படுமுன் பயண ஏற்பாட்டாளரிடமிருந்து ஒரு பட்டியல் வருகிறது. எந்த நாளில் எந்த ஊர், எங்கே தங்குவது, எவ்வளவு தொலைவு என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. தொலைவுகள் யாவும் மைலில் குறிக்கப்பட்டுள்ளன. கிலோமீட்டரில் எண்ணிப் பழகிய நமக்கு "280 மைல்" என்பது முதல் பார்வையில் ஒரு பகல் பொழுதுக்கும் குறைவான பயணமாகத் தோன்றுகிறது. உண்மையில் அது 450 கிலோமீட்டர். ஏறத்தாழச் சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தொலைவு. மூட்டுவலியுடன் பின்னிருக்கையில் அமரவிருக்கும் பெரியவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

ஆகவே பட்டியலைக் கிலோமீட்டருக்கு மாற்றி எழுதிக்கொள்வது நல்லது. மாற்றுவது எளிய பெருக்கல்தான். பெருக்கி வந்த எண்ணை எந்த அளவுக்கு முழுமையாக்குவது, எந்தக் கட்டத்தில் முழுமையாக்குவது, மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பவற்றில்தான் தவறுகள் நேர்கின்றன. கணக்குப் பேரேடுகளைக் கூட்டிப் பழகியவர்களுக்கு இவை புதியவை அல்ல. பைசாவை முழு ரூபாயாக்கும்போது நாம் கைக்கொள்ளும் ஒழுங்கே இங்கும் பயன்படுகிறது. ஒரு பட்டியலை முன்வைத்து அதைப் படிப்படியாகக் காண்போம்.

எந்த மைல்?

மைல் என்ற சொல் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளைக் குறிக்கிறது. சாலையில் அளக்கப்படும் மைல் 1760 கெஜம் கொண்டது. ஆங்கிலேய அளவுமுறையைப் பின்பற்றிய நாடுகள் 1959-இல் ஒரு கெஜம் என்பது சரியாக 0.9144 மீட்டர் என ஒப்புக்கொண்டன. 1760-ஐ 0.9144-ஆல் பெருக்கினால் 1609.344 கிடைக்கிறது. எனவே ஒரு சாலை மைல் சரியாக 1.609344 கிலோமீட்டர். இது தோராய மதிப்பன்று, வரையறை.

கப்பலிலும் வானூர்தியிலும் வழங்கும் கடல் மைல் வேறு. அது 1.852 கிலோமீட்டர். கடன் அட்டைகளிலும் விமான நிறுவனத் திட்டங்களிலும் சேரும் "மைல்கள்" பெரும்பாலும் வெகுமதிப் புள்ளிகளே. அவற்றைக் கிலோமீட்டராக்குவதில் பொருளில்லை.

மைலின் வகையைக் கண்டுகொண்ட பின், தொலைவின் வகையையும் பார்க்க வேண்டும். அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு இதற்குத் தக்க சான்று. அதன் தென்விளிம்பிலிருந்து வடவிளிம்புக்கு நேர்க்கோட்டில் சுமார் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர்தான். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் காரில் சுற்றிச் செல்ல 200 மைலுக்கு மேல் ஆகும். வழிகாட்டி நூலில் "10 மைல்" என்று கண்டு அதைப் பயணப் பட்டியலில் சேர்த்துவிட்டால், எத்தனை தசமம் வரை கணக்கிட்டாலும் அந்த வரி பயன்படாது. சாலைத் தொலைவுதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பெருக்கலைத் தொடங்க வேண்டும்.

பட்டியலும் பெருக்கலும்

நாம் எடுத்துக்கொள்ளும் பயணம் ஆறு நாட்களுக்கானது. லாஸ் ஏஞ்சலஸில் காரை வாடகைக்கு எடுத்து, லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு, பேஜ், சயான் தேசியப் பூங்காவின் வாயிலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஆகிய ஊர்களைச் சுற்றி, மீண்டும் லாஸ் வேகாஸ் வழியாகப் புறப்பட்ட இடத்திற்கே திரும்புவது திட்டம். தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்துத் தொலைவுகள் சற்றே மாறலாம். ஏற்பாட்டாளரின் பட்டியலில் உள்ள மைல்களும், முழுமையாக்காத கிலோமீட்டர்களும் இவை:

| நாள் | வழி | மைல் | கி.மீ. |
|---|---|---|---|
| 1 | லாஸ் ஏஞ்சலஸ் – லாஸ் வேகாஸ் | 270 | 434.52 |
| 2 | லாஸ் வேகாஸ் – கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு | 280 | 450.62 |
| 3 | தென்விளிம்பு – பேஜ் | 135 | 217.26 |
| 4 | பேஜ் – ஸ்பிரிங்டேல் | 115 | 185.07 |
| 5 | ஸ்பிரிங்டேல் – லாஸ் வேகாஸ் | 160 | 257.50 |
| 6 | லாஸ் வேகாஸ் – லாஸ் ஏஞ்சலஸ் | 270 | 434.52 |
| | மொத்தம் | 1230 | 1979.49 |

கணிப்பொறி இல்லாமல் மனக்கணக்காகவும் இதைச் செய்யலாம். மைல் எண்ணுடன் அதில் பாதியையும் பத்தில் ஒரு பங்கையும் கூட்டினால் 1.6 மடங்கு கிடைக்கும். அதனுடன் நூற்றில் ஒரு பங்கையும் சேர்த்தால் 1.61 மடங்கு. 270 மைலுக்கு 270, 135, 27 ஆகியவற்றைக் கூட்ட 432; அதனுடன் 2.7 சேர்க்க 434.7. சரியான விடையான 434.52-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 200 மீட்டருக்கும் குறைவு.

நூற்றில் ஒரு பங்கைச் சேர்க்கும் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். தனி வரிகளில் அதனால் பெரிய தீங்கில்லை. 270 மைலில் இரண்டரை கிலோமீட்டர்தான் குறையும். ஆனால் 1.6 என்ற பெருக்கெண் எல்லா வரிகளையும் ஒரே திசையில் குறைக்கிறது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்ய வழியில்லாததால் பிழை கூட்டுத்தொகையில் சேர்ந்துகொண்டே போகிறது. நம் பட்டியலில் 1230 மைலை 1.6-ஆல் பெருக்கினால் 1968 வருகிறது. உண்மையான மொத்தத்தைவிட இது 11 கிலோமீட்டருக்கு மேல் குறைவு.

எந்த அளவுக்கு முழுமையாக்குவது?

"434.52 கிலோமீட்டர்" என்று எழுதினால், பத்து மீட்டர் வரை அளந்து சொல்வதாகப் பொருள்படும். மூல எண் அவ்வளவு நுட்பமானதா? பட்டியலில் உள்ள மைல் எண்கள் எல்லாம் 0-இலோ 5-இலோ முடிகின்றன. எனவே அவை ஐந்து மைல் அளவுக்கு முழுமையாக்கப்பட்டவை என்று கொள்ளலாம். 270 என்று எழுதப்பட்ட தொலைவு உண்மையில் 268 ஆகவோ 272 ஆகவோ இருக்கக்கூடும். இருபுறமும் இரண்டரை மைல், அதாவது நான்கு கிலோமீட்டர் வரை மூல எண்ணே ஐயத்திற்குரியது. பெருக்கல் அந்த ஐயத்தைப் போக்குவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பரந்து விரிந்த நகரம் என்பதையும் நினைக்க வேண்டும். நகரின் எந்தப் பகுதியிலிருந்து புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தே இருபது, முப்பது கிலோமீட்டர் மாறலாம்.

ஆகவே முழுமையாக்கும் அளவை மூல எண்ணின் நுட்பத்திலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து மைல் என்பது எட்டுக் கிலோமீட்டர். அதற்கு அருகில் நமக்கு வசதியான அளவுகள் ஐந்தும் பத்தும். பத்துக்கு முழுமையாக்கினால் நாமாகச் சேர்க்கும் பிழை ஐந்து கிலோமீட்டர் வரை செல்லும். அது மூல எண்ணில் இருந்த ஐயத்தையே மிஞ்சுகிறது. ஐந்துக்கு முழுமையாக்கினால் நம் பிழை இரண்டரைக் கிலோமீட்டரைத் தாண்டாது. எனவே இந்தப் பட்டியலுக்கு ஐந்தே பொருத்தம். அதன்படி ஆறு நாட்களின் தொலைவுகள் முறையே 435, 450, 215, 185, 255, 435 கிலோமீட்டர் ஆகின்றன.

குறுகிய தொலைவுகளுக்கு இதே அளவைப் பயன்படுத்தக் கூடாது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் ஹெர்மிட் சாலை 7 மைல் நீளமுள்ளது. அது 11.27 கிலோமீட்டர், 11 என்று எழுதலாம். ஐந்துக்கு முழுமையாக்கி 10 என்று எழுதினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சயான் பூங்காவின் கிழக்கு வழியில் உள்ள சுரங்கச் சாலை 1.1 மைல். மூல எண்ணே ஒரு தசமம் வரை தரப்பட்டிருப்பதால் விடையையும் ஒரு தசமத்துடன் 1.8 கிலோமீட்டர் என்றே எழுத வேண்டும். "கால் மைல்" என்னும் பலகை 402 மீட்டரைக் குறிக்கிறது. 400 மீட்டர் என்பது போதும். ஆக, ஒரே பட்டியலில் நெடும்பயண வரிகள் ஐந்தின் மடங்காகவும் உள்ளூர் வரிகள் முழு எண்ணாகவும் ஒரு தசமத்துடனும் இருப்பது முரண்பாடு அன்று. ஒவ்வொரு வரியும் தன் மூல எண் தாங்கும் நுட்பத்தை மட்டுமே காட்டுகிறது.

பெயரோடு சேர்ந்துவிட்ட எண்களுக்கு விலக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றிவரும் சாலைக்கு "நார்த் கோஸ்ட் 500" என்று பெயர். அதன் நீளம் 516 மைல், அதாவது 830 கிலோமீட்டர். பெயரிலுள்ள 500-ஐப் பெருக்கி 805 கிலோமீட்டர் என்று பட்டியலில் எழுதுவது, ஒருவரின் பெயரை மொழிபெயர்ப்பது போன்றது.

ஒரு முறை மட்டும், இறுதியில் மட்டும்

முதல் நாளின் 434.52 கிலோமீட்டரைப் பத்தின் மடங்காக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகச் செய்தால் 430. ஆனால் வழக்கத்தில் நடப்பது வேறு. ஒருவர் முதலில் அதை 435 என்று எழுதி வைக்கிறார். அந்தப் பட்டியலை வாங்கிய மற்றொருவர், பத்தின் மடங்காக இருந்தால் நன்றாக இருக்குமே என்று 435-ஐ 440 ஆக்குகிறார். இருவரும் விதிப்படியே நடந்தனர். ஆயினும் விடை பத்துக் கிலோமீட்டர் விலகிவிட்டது. முழுமையாக்கிய எண்ணை மறுபடி முழுமையாக்கினால் இப்படித்தான் நேரும்.

இதற்கு மருந்து எளியது. மைல் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்காமல் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். மறுபடி முழுமையாக்க வேண்டுமென்றால் மூலத்திற்குத் திரும்பி, முழுப் பெருக்கெண்ணால் பெருக்கி, ஒரே படியில் முடிக்கலாம். மைல் எண்ணை வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்கச் சாலைப் பலகைகளிலும் காரின் தொலைவுமானியிலும் மைல்தான் இருக்கும். சாலையில் பலகையைப் பார்த்ததும் ஒப்பிட்டுக்கொள்ள அந்த எண்ணே தேவை.

மொத்தத்திற்கும் இவ்விதி பொருந்தும். மேலே ஐந்தின் மடங்காக்கிய ஆறு எண்களையும் கூட்டினால் 1975 வருகிறது. 1230 மைலை நேரே மாற்றினால் 1979.49, ஐந்தின் மடங்காக அது 1980. சரியான மொத்தம் 1980-தான். முழுமையாக்கிய பின் கூட்டியதால் ஐந்து கிலோமீட்டர் கரைந்துவிட்டது. ஆகவே மைல்களைக் கூட்டி, மொத்தத்தை ஒரு முறை மாற்றி, பிறகு முழுமையாக்க வேண்டும். பட்டியலின் அடியில் "தனித்தனியே முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை சற்று வேறுபடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், கூட்டிப் பார்ப்பவருக்குக் குழப்பம் இராது. ஆண்டறிக்கைகளின் அட்டவணைகளுக்குக் கீழே இத்தகைய குறிப்பு இருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம்.

விரிதாளில் கணக்கிடுவோர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கட்டத்தில் தசமங்களை மறைத்துக் காட்டச் செய்வதும், எண்ணையே முழுமையாக்குவதும் வெவ்வேறு. தசமங்களை மறைத்தால் நம் பட்டியல் 435, 451, 217, 185, 257, 435 என்று தோன்றும். கண்ணால் கூட்டினால் 1980. ஆனால் விரிதாள் உள்ளே வைத்திருக்கும் தசமங்களைக் கூட்டி 1979 என்று காட்டும். ஒன்று குறைகிறதே என்று தேடத் தொடங்கினால் பொழுதுதான் போகும். பிழை எங்கும் இல்லை. மைல் எண் B2 கட்டத்தில் இருந்தால், எண்ணையே ஐந்தின் மடங்காக்க முதல் வாய்பாடும், பத்தின் மடங்காக்க இரண்டாவது வாய்பாடும் உதவும்:

```
=MROUND(B2*1.609344,5)
=ROUND(B2*1.609344,-1)
```

மொத்தத்திற்கு இவ்வாறு முழுமையாக்கிய கட்டங்களைக் கூட்டாமல், மைல் நிரலின் கூட்டுத்தொகையின்மீதே இதே வாய்பாட்டை இட வேண்டும்.

மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?

இதுவரை அருகிலுள்ள மடங்குக்கு முழுமையாக்கினோம். ஒரு நாளின் பயணத்தை மதிப்பிட அது போதும். ஆனால் ஓர் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது, பிழை நேர்ந்தாலும் தீங்கு வராத திசையில் முழுமையாக்க வேண்டும்.

அமெரிக்க மேற்குப் பகுதியில் எரிபொருள் நிலையங்களுக்கு இடையே நீண்ட இடைவெளிகள் உண்டு. யூட்டா மாநிலத்தில் 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர், சலைனா ஆகிய ஊர்களுக்கு இடையே 100 மைலுக்கும் மேலாக எரிபொருள் நிலையமே இல்லை. நம் சுற்றுப்பயணம் அவ்வழியே செல்லவில்லை. ஆயினும் அத்தகைய சாலையில் என்ன நேரும் என்று எண்ணிப் பார்ப்போம். எஞ்சிய எரிபொருள் 120 மைலுக்குப் போதும் என்று கார் காட்டுகிறது. அடுத்த நிலையம் 118 மைல் தொலைவில் இருக்கிறது. 120 மைல் என்பது 193.1 கிலோமீட்டர், 118 மைல் என்பது 189.9. அருகிலுள்ள ஐந்தின் மடங்காக்கினால் 195-உம் 190-உம் ஆகும். கையிருப்பு ஐந்து கிலோமீட்டர் என்று தோன்றும். உண்மையில் இருப்பது மூன்றுதான். காரின் கணிப்பே தோராயமானது, ஏற்றத்தில் அது இன்னும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இல்லாத இருப்பை முழுமையாக்கல் காட்டிவிட்டது என்பது விளங்கும்.

இத்தகைய இடத்தில் செல்ல வேண்டிய தொலைவை மேல்நோக்கியும், நம்மிடம் உள்ள இருப்பைக் கீழ்நோக்கியும் முழுமையாக்க வேண்டும். ஐந்தின் மடங்காக இரண்டுமே 190 ஆகின்றன, கையிருப்பு ஏதுமில்லை. ஆகவே எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். செலவை மிகுத்தும் வரவைக் குறைத்தும் மதிப்பிடுவது வணிகவியலில் முதலில் கற்பிக்கப்படும் முன்னெச்சரிக்கை மரபு. இங்கும் அதுவே துணை. இன்னும் எளிய வழியும் இருக்கிறது. காரும் பலகையும் இரண்டுமே மைலில் பேசும்போது மைலிலேயே ஒப்பிடலாம், மாற்றவே தேவையில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் இந்தக் கடைசிக் கருத்து இன்னும் முக்கியமாகிறது. பல வாடகைத் திட்டங்களில் தொலைவுக்கு வரம்பில்லை, சிலவற்றில் உண்டு. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 200 மைல் வரை அனுமதி, அதற்கு மேல் ஒவ்வொரு மைலுக்கும் தனிக் கட்டணம் என்று இருப்பதாகக் கொள்வோம். ஆறு நாட்களுக்கு 1200 மைல். இதை "சுமார் 2000 கிலோமீட்டர்" என்று மனத்தில் பதித்துக்கொண்டவர், தம் பயணம் 1980 கிலோமீட்டர்தானே, வரம்புக்குள் அடங்கிவிடும் என்று எண்ணுவார். உண்மையில் 1200 மைல் என்பது 1931 கிலோமீட்டர். பட்டியலில் உள்ள பயணமே 30 மைல் மிகை. பூங்காக்களுக்குள்ளும் ஊர்களுக்குள்ளும் ஓட்டுவது அதற்கு மேல். கட்டணம் எந்த அலகில் கணக்கிடப்படுகிறதோ அந்த அலகிலேயே, முழுமையாக்காமல், கணக்குப் பார்க்க வேண்டும். வட்டிக் கணக்கில் இடைப்படிகளில் எண்களை முழுமையாக்காமல் இறுதித் தொகையில் மட்டும் முழுமையாக்குவதும் இதே காரணத்தால்தான்.

பிழையைக் கண்டுகொள்ளும் வழி

மாற்றி எழுதிய பட்டியலை இரண்டு சோதனைகளுக்கு உட்படுத்தினால் பெரும்பாலான தவறுகள் அகப்பட்டுவிடும்.

முதல் சோதனை விகிதம். ஒவ்வொரு வரியிலும் கிலோமீட்டரை மைலால் வகுத்தால் 1.6-ஐ ஒட்டியே விடை வர வேண்டும். முழுமையாக்கியதால் நெடுந்தொலைவு வரிகளில் 1.59 முதல் 1.63 வரை மாறலாம்; அதற்கு வெளியே போனால் அந்த வரியை மீண்டும் பார்க்க வேண்டும். பேஜ் – ஸ்பிரிங்டேல் வரியில் 71 கிலோமீட்டர் என்று இருந்தால், 115-ஐப் பெருக்குவதற்குப் பதிலாக 1.609-ஆல் வகுத்துவிட்டார்கள் என்று பொருள். ஒரே தொலைவைச் சொல்லும் இரண்டு எண்களில் கிலோமீட்டரே எப்போதும் பெரிதாக இருக்கும் என்பதை நினைவில் கொண்டால், இதைக் கணக்கிடாமலே கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது சோதனை நேரம். விகிதச் சோதனையால் பிடிக்க முடியாத ஒரு தவறு உண்டு. பல இடங்களிலிருந்து தொகுத்த பட்டியலில் ஏதேனும் ஒரு வரி முன்பே கிலோமீட்டரில் இருந்திருக்கலாம். தென்விளிம்பு – பேஜ் தொலைவு ஒரு வலைத்தளத்தில் 217 கிலோமீட்டர் என்று இருந்து, அதை மைல் நிரலில் பதிந்துவிட்டால், பெருக்கலில் 349 ஆகிவிடும். விகிதம் சரியாகவே இருக்கும், எண் தவறு. அந்த வழியைக் கடக்கச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும் என்று ஏற்பாட்டாளரின் பட்டியலிலேயே இருக்கும். 349-ஐ இரண்டரையால் வகுத்தால் மணிக்கு 140 கிலோமீட்டர். இரு திசை வண்டிகளும் ஒரே தளத்தில் ஓடும் அச்சாலையில் அது நடவாத வேகம். சரியான 217-ஐ வகுத்தால் 87 வருகிறது, அது நம்பத்தக்கது. ஊர்களுக்கு இடைப்பட்ட இத்தகைய சாலைகளில் சராசரி மணிக்கு 75 முதல் 105 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும். 110-ஐத் தாண்டினாலும், 50-க்குக் கீழே இறங்கினாலும் அந்த வரியின் மூலத்தைத் தேடிப் பார்ப்பது நலம்.

நேரத்தைச் சோதனைக்குப் பயன்படுத்தலாமே தவிர, தொலைவிலிருந்து நேரத்தைக் கணக்கிட்டு எழுதக் கூடாது. மலைச்சாலையும் பூங்கா வாயிலில் நிற்கும் வரிசையும் கிலோமீட்டருக்குள் அடங்குவதில்லை. பயண நேரத்தை ஏற்பாட்டாளரின் பட்டியலிலிருந்தோ வரைபடச் செயலியிலிருந்தோ எடுத்துத் தனி நிரலாக எழுதுவதே முறை.

இவ்வளவும் செய்து முடித்தபின் நம் கையில் இருக்கும் பட்டியலில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு விவரங்கள் இருக்கும்: வழி, மைல், ஐந்தின் மடங்காக்கிய கிலோமீட்டர், பயண நேரம். அடியில் மொத்தம் 1230 மைல், 1980 கிலோமீட்டர். அதைப் பார்த்ததுமே முதல் இரண்டு நாட்களும் தலா 430 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன, மூன்றாவதும் நான்காவதும் அதில் பாதியளவே என்பது தெரிந்துவிடும். பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால், லாஸ் வேகாஸில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, அந்த இரு நெடும்பயணங்களுக்கும் நடுவே ஓய்வு கொடுக்கலாமா என்று ஏற்பாட்டாளரிடம் முன்பதிவுக்கு முன்பே கேட்க முடியும். அறைகளுக்குப் பணம் செலுத்திய பிறகு கேட்டால், நாளை மாற்றுவதற்கும் கட்டணம் கொடுக்க நேரிடலாம்.